அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, கோடு: கட்டுரை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளையும், போட்டித் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பவர்களின் விடைத்தாள்களையும் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். காற்புள்ளியைப் பற்றியும் முற்றுப்புள்ளியைப் பற்றியும் கேட்பவர்கள் குறைவு. அவற்றுக்கு இடையில் நிற்கும் குறிகளைப் பற்றித்தான் ஒவ்வோர் ஆண்டும் அதே கேள்விகள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் அனைத்தையும் ஏரிப் பாசனம் என்ற ஒரே பொருளில் அமைத்திருக்கிறேன். பொருள் மாறாமல் இருந்தால் குறி மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

இந்த மூணு குறியும் என்ன வேலை செய்யுது? சுருக்கமா சொல்லுங்க சார்.

அரைப்புள்ளி (;) தம்மளவில் முடிந்த இரண்டு தொடர்களை, உறவு விட்டுப்போகாமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. முக்காற்புள்ளி (:) ‘முன்னே சொன்னதன் விவரம் இனி வருகிறது’ என்று அறிவிக்கிறது. கோடு (–) ஓடிக்கொண்டிருக்கும் தொடரைச் சற்று நிறுத்தி, ஒரு விளக்கத்தைச் செருகி, மீண்டும் ஓட விடுகிறது.

கால், அரை, முக்கால், முற்று என்னும் பெயர்கள் நிறுத்தி வாசிக்கும் அளவைக் குறிப்பதால், மூச்சு விடும் இடத்தில் குறி போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கு வாசிப்பவருக்கு உதவும், எழுதுபவரைக் கைவிட்டுவிடும். நீண்ட எச்சத் தொடரின் முடிவிலும் நாம் மூச்சு விடுகிறோம், ஆயினும் அங்கே அரைப்புள்ளி வராது. ஓலைச்சுவடிகளில் இக்குறிகள் இல்லை. அச்சோடு ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்த இவற்றை 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றோர் தமிழ் உரைநடையில் பழக்கப்படுத்தினர். பயனிலை நடுவில் வரும் மொழிகளில் வளர்ந்த குறிகளை, பயனிலை கடைசியில் வரும் மொழிக்குள் கொண்டுவந்திருக்கிறோம் என்பதை நினைவில் வைத்தால், கீழே வரும் பெரும்பாலான விடைகளை நீங்களே ஊகித்துவிடலாம்.

அரைப்புள்ளி போட வேண்டிய இடம் இதுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குறி போட நினைக்கும் இடத்துக்கு வலப்பக்கம் உள்ளதைக் கையால் மறைத்துக்கொண்டு, இடப்பக்கத்தை மட்டும் படியுங்கள். அங்கே முற்றுப்புள்ளி வைத்தாலும் தொடர் நிற்குமானால் அரைப்புள்ளிக்கு இடம் உண்டு. தொடர் தொங்கினால் இல்லை. பிறகு இடப்பக்கத்தை மறைத்து வலப்பக்கத்தையும் அவ்வாறே சோதியுங்கள்.

தவறு: பருவமழை பொய்த்து; ஏரிகள் வறண்டன.
சரி: பருவமழை பொய்த்தது; ஏரிகள் வறண்டன.
சரி: பருவமழை பொய்த்ததால், ஏரிகள் வறண்டன.

‘பொய்த்து’ என்பது வினையெச்சம். அடுத்து ஒரு வினை வருமென்று காத்து நிற்கிறது. காத்து நிற்கும் சொல்லுக்கு முன்னால் அரைப்புள்ளி என்ற கதவைச் சாத்தக் கூடாது. பெய்து, பெய்தபோது, பெய்தால், பெய்தாலும், பெய்ததால், பெய்யாமல் என்று முடியும் எதற்கும் இதே நிலைதான். அவற்றுக்குப் பின் காற்புள்ளி வரலாம், அல்லது எதுவுமே வேண்டாம். நான் திருத்தும் தாள்களில் அரைப்புள்ளிப் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றுதான்.

எழுவாயை ஒருமுறை மட்டும் சொல்லி, பல வினைமுற்றுகளை அடுக்குவதும் மரபு: ‘ஆய்வுக்குழு ஏரியை அளந்தது; கரையைச் சோதித்தது; மதகுகளைப் பழுது பார்த்தது.’ இரண்டாவது, மூன்றாவது பகுதிகளில் எழுவாய் மறைந்து நின்றாலும் அவை முடிந்த தொடர்களே.

ரெண்டும் முழு வாக்கியம்னா முற்றுப்புள்ளியே வைத்துவிடலாமே, அரைப்புள்ளி எதற்கு?

வைக்கலாம், இலக்கணப்படி அது பிழையாகாது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு கருத்து முழுமையாகிறது என்றால், முற்றுப்புள்ளி அந்தக் கருத்தை இரண்டாக வெட்டிவிடும். ‘மேல்மடை விவசாயிகளுக்கு நீர் மிஞ்சியது; கடைமடைக்கு ஒரு சொட்டும் எட்டவில்லை’ என்ற தொடரின் குத்தல், இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதில் இருக்கிறது.

இரண்டு பகுதிகளுக்கும் இடையே ஆனால், ஏனெனில், அதுபோலவே, அதனால் ஆகியவற்றுள் ஏதாவது ஒன்றை மனத்துக்குள் வைத்துப் பாருங்கள். ஒன்று பொருந்தினால் உறவு இருக்கிறது என்று கொள்ளலாம். ‘வீராணம் ஏரி கடலூர் மாவட்டத்தில் உள்ளது; ஏரிகளைத் தூர்வார நிதி தேவைப்படுகிறது’ என்பதில் எதுவும் பொருந்தவில்லை. இரண்டும் முழுத் தொடர்களே, இரண்டும் ஏரியைப் பற்றியனவே. இருந்தும் அங்கே முற்றுப்புள்ளிதான் வேண்டும்.

‘அது அவர்கள் கடமை’ போன்ற வாக்கியத்தில் வினைமுற்றே இல்லையே? அங்கே அரைப்புள்ளி போடலாமா?

போடலாம். தமிழில் பெயரும் பயனிலையாக நிற்கும். ‘தூர்வாருவது அரசின் கடமை; ஆக்கிரமிக்காமல் இருப்பது நம் கடமை’ என்பதில் இரு பக்கமும் பெயர்ப் பயனிலையோடு முடிந்திருக்கின்றன. இல்லை, உண்டு, வேண்டும், கூடாது, போதும் ஆகிய சொற்களும் தொடரை முடித்துவைக்கும். ஆகவே வினைமுற்றைத் தேடுவதைவிடப் பயனிலையைத் தேடுவதே சரியான பழக்கம்.

இதில் ஏமாற்றும் வடிவம் ஒன்று உண்டு. ‘இந்த ஏரி கோடையிலும் நீர் வழங்கும்’ என்பதில் ‘வழங்கும்’ முற்று. ‘கோடையிலும் நீர் வழங்கும் ஏரி’ என்பதில் அதே சொல் பெயரெச்சம். சொல்லின் வடிவத்தைப் பார்த்து முடிவு செய்தால் தவறிவிடும். கையால் மறைத்துப் படிக்கும் சோதனை தவறாது.

‘ஆனால்’ வந்தாலே அதற்கு முன்னாடி அரைப்புள்ளி போடணுமா? செய்தித்தாள்ல காற்புள்ளிதான் போடறாங்க.

இரு பக்கமும் முடிந்த தொடர்களாக இருந்தால், கட்டுரை நடையில் அரைப்புள்ளியே தெளிவு: ‘நிதி ஒதுக்கப்பட்டது; ஆனால் பணி தொடங்கவில்லை.’ செய்தித்தாளில் தொடர்கள் குறுகியவை என்பதால் காற்புள்ளி பொறுத்துக்கொள்ளப்படுகிறது. கட்டுரையிலோ ‘ஆனால்’ வருவதற்கு முன்பே இரண்டு மூன்று காற்புள்ளிகள் வந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் இன்னொரு காற்புள்ளி, இங்கேதான் கருத்து திரும்புகிறது என்பதைக் காட்டாது. எனவே, ஆகவே, எனினும், ஏனெனில், மாறாக ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். ‘ஆனால்’ என்பதற்குப் பின் காற்புள்ளி இடுவது உங்கள் விருப்பம். பின்வரும் பகுதி நீளமாக இருந்தால் மட்டும் நான் இடுவேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ‘ஏரியின் கொள்ளளவு பாதி ஆனால், இரண்டாம் போகம் சாத்தியமில்லை’ என்ற தொடரில் உள்ள ‘ஆனால்’ இணைப்புச் சொல் அன்று. ‘ஆகிவிட்டால்’ என்று பொருள்படும் நிபந்தனை எச்சம். அதற்கு முன் அரைப்புள்ளி போட்ட விடைத்தாளை நான் பார்த்திருக்கிறேன். சொல்லை மனப்பாடம் செய்து குறி போட்டால் இப்படித்தான் ஆகும்.

பட்டியலில் எப்போது காற்புள்ளி போதும், எப்போது அரைப்புள்ளி வேண்டும்?

பட்டியலின் உறுப்புகளுக்கு உள்ளேயே காற்புள்ளி இருக்குமானால், உறுப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி வேண்டும். ‘குறிஞ்சி, மலையும் மலை சார்ந்த இடமும்; முல்லை, காடும் காடு சார்ந்த இடமும்; மருதம், வயலும் வயல் சார்ந்த இடமும்; நெய்தல், கடலும் கடல் சார்ந்த இடமும்’ என்ற பட்டியலில் அரைப்புள்ளிகளை எல்லாம் காற்புள்ளிகளாக மாற்றிப் படித்துப் பாருங்கள். காடு முல்லைக்கு உரியதா, குறிஞ்சிக்கு உரியதா என்று பாடம் அறியாதவருக்குப் புரியாது.

முன்னே சொன்ன ‘முடிந்த தொடர்’ விதிக்கு இது ஒன்றே விலக்கு. இங்கே அரைப்புள்ளி பெரிய காற்புள்ளியாக வேலை செய்கிறது. உறுப்புகள் முழுத் தொடர்களாக இருக்க வேண்டியதில்லை.

‘பின்வருமாறு’ என்று எழுதாமல் முக்காற்புள்ளி போடக் கூடாதா?

போடலாம். ‘பின்வருமாறு’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ‘ஏரி அழிந்ததற்குக் காரணங்கள் மூன்று: வண்டல், ஆக்கிரமிப்பு, கவனிப்பின்மை’ என்பது நிறைவான தமிழ்த் தொடர். எண்ணைப் பயனிலையாக நிறுத்தும் இந்த அமைப்பைப் பழகிக்கொண்டால் ‘பின்வருமாறு’ என்பதற்குப் பெரும்பாலும் தேவை இருக்காது.

முக்காற்புள்ளியில் தமிழுக்கே உரிய பிழை ஒன்று உண்டு. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தவறு: மூன்று அணைகள்: மேட்டூர், வைகை, பவானிசாகர் ஆகியவற்றில் நீர் குறைந்தது.

நம் மொழியில் பயனிலை கடைசியில் வருவதால், பட்டியலைச் சொல்லி ‘ஆகிய’ என்று கட்டி, பிறகு வினையை வைப்பதே இயல்பான ஓட்டம். அந்த ஓட்டத்தின் நடுவில் முக்காற்புள்ளி வந்தால் தொடர் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய முயல்கிறது: பட்டியலை அறிவிக்கவும் பார்க்கிறது, வினையோடு சேர்க்கவும் பார்க்கிறது. எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி: மேட்டூர், வைகை, பவானிசாகர் ஆகிய மூன்று அணைகளில் நீர் குறைந்தது.
சரி: மூன்று அணைகளில் நீர் குறைந்தது: மேட்டூர், வைகை, பவானிசாகர்.

பெயர்கள் முக்கியம் என்றால் இரண்டாவது. நீர் குறைந்தது முக்கியம் என்றால் முதலாவது. இரண்டாவது வடிவில் பட்டியலோடு தொடர் நின்றுவிட வேண்டும். அதன் வாலில் ‘ஆகியவை ஆகும்’ என்று ஒட்ட வேண்டாம்.

பழைய புத்தகங்களில் முக்காற்புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடும் இருக்கிறதே, அதைப் போடலாமா?

அந்தக் குறிக்கு (:-) வரலாற்றுக்குறி என்று பெயர். ஒரு தலைப்பின்கீழ் நீண்ட விவரம் தொடங்கும்போது அதை இட்டு வந்தார்கள். பழைய பாடநூல்களிலும் அழைப்பிதழ்களிலும் காணலாம். இன்றைய கட்டுரைத் தொடருக்குள் முக்காற்புள்ளி மட்டும் போதும்.

இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தை விளக்கினால் அரைப்புள்ளியா, முக்காற்புள்ளியா? இதில்தான் எப்போதும் குழப்பம்.

இடப்பக்கத் தொடரைப் படித்து முடித்ததும் வாசகர் மனத்தில் ‘என்ன?’, ‘எது?’, ‘எப்படி?’ என்ற கேள்வி எழுந்து, வலப்பக்கம் அதற்கு நேர் விடையாக இருந்தால் முக்காற்புள்ளி. கேள்வி எழாமல், இரண்டும் சம எடையோடு அருகருகே நின்றால் அரைப்புள்ளி.

முக்காற்புள்ளி: பாசனம் சீர்குலைந்ததற்கு ஒரே காரணம் உண்டு: வரத்துக் கால்வாய்கள் அடைபட்டுவிட்டன.
அரைப்புள்ளி: வரத்துக் கால்வாய்கள் அடைபட்டன; மதகுகள் துருப்பிடித்தன.

முதல் எடுத்துக்காட்டில் ‘ஒரே காரணம் உண்டு’ என்பது ஒரு பெட்டியைக் காட்டுகிறது. முக்காற்புள்ளி அதைத் திறக்கிறது. இரண்டாவதில் பெட்டி ஏதும் இல்லை. காரணமும் விளைவும் மட்டும் இருந்தால், விளக்கம் போலத் தோன்றினாலும், அரைப்புள்ளியே பொருந்தும்: ‘கரை உடைந்தது; வயல்கள் மூழ்கின.’

இதே சோதனை மேற்கோளுக்கும் உதவும். “தண்ணீர் வந்து நாலு வருஷம் ஆச்சு” என்று விவசாயி ஒருவர் கூறினார் என எழுதினால், ‘என்று’ என்பதே இணைப்பு வேலையைச் செய்துவிடுவதால் முக்காற்புள்ளிக்கு வேலை இல்லை. ‘விவசாயி ஒருவர் கூறினார்:’ என்று தொடங்கினால் ‘என்ன கூறினார்?’ என்ற கேள்வி எழுகிறது. அங்கே முக்காற்புள்ளி வரும், மேற்கோளின் இறுதியில் ‘என்று’ வராது. இரண்டையும் கலந்து, ‘விவசாயி கூறினார்: … என்று’ என எழுதுவது மேலே கண்ட ‘ஆகியவை’ பிழையின் தம்பி.

எல்லாக் கோடும் ஒன்றுதானே? கணினியில் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது.

கணினியில் மூன்று உண்டு. விசைப்பலகையின் மேல்தட்டில் ஒன்று மட்டும் தெரிகிறது. குறுகியது இணைப்புக்கோடு, `-` (U+002D). அது சொல்லையும் எண்ணையும் ஒட்டவைப்பது: ‘1934-ஆம் ஆண்டு’. சிலர் கோடின்றி ‘1934ஆம் ஆண்டு’ என்று எழுதுவர்; கட்டுரை முழுதும் ஏதாவது ஒன்றையே பின்பற்றினால் போதும். நடுத்தரமானது `–` (U+2013), நீளமானது `—` (U+2014). தொடருக்குள் விளக்கத்தைச் செருகும் கோடாக இவ்விரண்டில் ஒன்றைப் பயன்படுத்தலாம். தமிழில் நான் நடுத்தரக் கோட்டை, இரு பக்கமும் இடைவெளி விட்டு இடுகிறேன். நம் எழுத்துகள் அகலமானவை என்பதால் இடைவெளி இல்லாத கோடு சொற்களை ஒட்டவைத்ததுபோல் தோன்றும்.

விண்டோஸ் கணினியில் எண் விசைத்தட்டில் `Alt+0150` நடுத்தரக் கோட்டையும், `Alt+0151` நீண்ட கோட்டையும் தரும். கைப்பேசியில் சிறு கோட்டு விசையை அழுத்திப் பிடித்தால் பொதுவாக மற்றவை மேலே தோன்றும். கையால் எழுதும்போது இணைப்புக்கோடு அரை எழுத்து அகலமும், செருகு கோடு ஓர் எழுத்து அகலத்துக்கு மேலும் இருந்தால் திருத்துபவர் குழம்பமாட்டார்.

எண்களுக்கு இடையில் ‘முதல் – வரை’ என்ற பொருளில் வரும் கோட்டுக்கு இடைவெளி வேண்டாம்: பக்கம் 12–18, 1914–1918. ‘1914–1918 வரை’ என்று எழுதாதீர்கள். கோட்டிலேயே ‘வரை’ இருக்கிறது. சொற்களால் எழுதுவதானால் ‘1914 முதல் 1918 வரை’ என்று முழுமையாக எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதுவதுபோல வாக்கியத்தின் நடுவில் இரண்டு கோடு போட்டு விளக்கம் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் அதற்கான தேவை தமிழில் குறைவு. ‘மேட்டூர் அணை – அது 1934இல் கட்டி முடிக்கப்பட்டது – இன்றும் காவிரிப் பாசனத்தின் உயிர்நாடியாக உள்ளது’ என்று எழுதுவதைவிட, ‘1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை இன்றும் காவிரிப் பாசனத்தின் உயிர்நாடியாக உள்ளது’ என்பது நேராக ஓடுகிறது. விளக்கத்தைப் பெயருக்கு முன்பே வைத்துவிட நம்மிடம் பெயரெச்சம் இருக்கிறது. கோட்டைப் போடுமுன் பெயரெச்சத்தால் முடியுமா என்று ஒரு முறை பாருங்கள்.

பெயரெச்சம் தாங்காத அளவுக்கு விளக்கம் நீண்டாலோ, எழுதுபவரின் கருத்தாக அது தனித்து நின்றாலோ கோடு பொருந்தும்: ‘ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் – இதை ஊரில் யாரும் மறுப்பதில்லை – புதிய வீடுகள் வந்துவிட்டன.’ கோடுகளுக்கு நடுவில் இருப்பதைக் கையால் மறைத்துப் படித்தால் மீதி நிற்க வேண்டும். இங்கே நிற்கிறது.

இரண்டு தவறுகள் மிகுதி. கோட்டில் திறந்து காற்புள்ளியில் மூடுவது ஒன்று. எதனால் திறந்தீர்களோ அதனாலேயே மூட வேண்டும். மற்றொன்று வேற்றுமை உருபைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடுவது.

தவறு: மூன்று துறைகள் – வருவாய், பொதுப்பணி, ஊரக வளர்ச்சி – இன் ஒப்புதல் தேவை.
சரி: மூன்று துறைகளின் – வருவாய், பொதுப்பணி, ஊரக வளர்ச்சி – ஒப்புதல் தேவை.
மேல்: வருவாய், பொதுப்பணி, ஊரக வளர்ச்சி ஆகிய மூன்று துறைகளின் ஒப்புதல் தேவை.

உருபு அதற்குரிய பெயரோடு முதல் கோட்டுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அப்படி முடிக்க இயலவில்லை என்றால் அந்தத் தொடர் கோட்டை ஏற்காது.

ஐயா, குறிக்கு முன்னால் ஒற்று மிகுமா? ‘ஏரியைத் –’ என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. அடுத்த சொல்லோடு சேர்ந்து ஒலிக்கும்போதுதான் ஒற்று மிகுகிறது. இடையில் குறி வந்தால் அந்தச் சேர்க்கை இல்லை. ‘ஏரியைத் தூர்வாரினர்’ என்பதில் ‘த்’ வேண்டும். ‘ஏரியை – பல ஆண்டுகளாக அதை யாரும் கவனிக்கவில்லை – தூர்வாரினர்’ என்பதில் அது வேண்டாம். காற்புள்ளிக்கும் இப்படித்தான்: ‘கரையை உயர்த்திப் பலப்படுத்தினர்’, ‘கரையை உயர்த்தி, பலப்படுத்தினர்’. முதலில் குறியில்லாமல் எழுதிவிட்டு, பிறகு குறியைச் செருகும்போது ஒற்றை நீக்க மறந்துவிடுவதால்தான் இப்பிழை நேர்கிறது. எனவே குறியைச் சேர்த்த ஒவ்வோர் இடத்திலும் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள்.

அச்செடுத்தால் சில இடங்களில் முக்காற்புள்ளி அடுத்த வரியின் தொடக்கத்தில் வந்து நிற்கிறது. ஏன்?

குறிக்கு முன்னால் இடைவெளி விட்டிருப்பீர்கள். வரி நிறைந்ததும் கணினி அந்த இடைவெளியில் மடித்து, குறியைத் தனியே கீழே தள்ளிவிடுகிறது. அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் முந்தைய சொல்லை ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி அவற்றுக்குப் பின்னால் மட்டும். செருகு கோட்டுக்கு மட்டும் இரு பக்கமும் இடைவெளி.

ஒரு பத்தியை எடுத்து எப்படித் திருத்துவீர்கள் என்று காட்ட முடியுமா?

வழக்கமாக வரும் பிழைகளைச் சேர்த்து ஒரு பத்தி அமைத்திருக்கிறேன்.

‘தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருந்தும்; அவற்றுள் பல இன்று பயனற்றுக் கிடக்கின்றன, இதற்குக் காரணங்கள்: வண்டல் படிவு, ஆக்கிரமிப்பு, பராமரிப்பின்மை ஆகியவை ஆகும். முன்பு ஊர் மக்கள் குடிமராமத்து - ஊரார் கூடி உழைத்து ஏரியைச் செப்பனிடும் முறை, மூலம் ஏரிகளைக் காத்தனர். அந்த முறை மறைந்தது: பராமரிப்பு முழுவதும் அரசின் தலையில் விழுந்தது.’

‘இருந்தும்’ என்பது முடியாத சொல், அரைப்புள்ளி காற்புள்ளியாகிறது. ‘கிடக்கின்றன’ என்பதோடு தொடர் முடிந்துவிட்டது, ஆகவே அங்கே காற்புள்ளி போதாது. அரைப்புள்ளி வரலாம்தான், ஆனால் உடனே முக்காற்புள்ளி ஒன்று வரப்போகிறது. ஒரே தொடரில் இரண்டு பெரிய குறிகள் நெருக்கமாக நின்றால் எது எதைக் கட்டுகிறது என்று தேட வேண்டியிருக்கும். அதனால் முற்றுப்புள்ளியைத் தேர்ந்தேன். ‘காரணங்கள்’ என்பதோடு ‘மூன்று’ என்பதைச் சேர்த்து, வாலில் இருந்த ‘ஆகியவை ஆகும்’ என்பதை வெட்டினேன். குடிமராமத்துத் தொடரில் இணைப்புக்கோட்டில் திறந்து காற்புள்ளியில் மூடியிருப்பதோடு, ‘மூலம்’ என்ற சொல் தனக்குரிய பெயரைவிட்டு விலகி நிற்கிறது. பெயரெச்சம் அதைத் தீர்த்துவைக்கிறது. கடைசித் தொடரில் வலப்பக்கம் விளைவு, விவரம் அன்று, ஆகவே அரைப்புள்ளி.

‘தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருந்தும், அவற்றுள் பல இன்று பயனற்றுக் கிடக்கின்றன. இதற்குக் காரணங்கள் மூன்று: வண்டல் படிவு, ஆக்கிரமிப்பு, பராமரிப்பின்மை. முன்பு ஊர் மக்கள், ஊரார் கூடி உழைத்து ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து முறையால் ஏரிகளைக் காத்தனர். அந்த முறை மறைந்தது; பராமரிப்பு முழுவதும் அரசின் தலையில் விழுந்தது.’

படித்துப் பார்த்தபோது ‘ஊர் மக்கள், ஊரார்’ என்று ஒரே பொருள் அடுத்தடுத்து இடறியது. ‘முன்பு ஊரார் கூடி உழைத்து ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து முறை ஏரிகளைக் காத்தது’ என்று மாற்றினேன். அந்தக் காற்புள்ளியும் போய்விட்டது. குறி இடறும் இடத்தில் பெரும்பாலும் சொல்லும் இடறியிருக்கும்.

நாங்களே போட்டுப் பார்க்கக் கொஞ்சம் வாக்கியம் குடுங்களேன்.

கீழே உள்ள ஐந்தில் அடைப்புக்குள் காட்டிய இடத்தில் எந்தக் குறி வரும், அல்லது குறியே வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். விடையைப் பார்க்குமுன் கையால் மறைத்துப் படிக்கவும்.

1. மதகைத் திறந்தனர் ( ) நீர் வரவில்லை.
2. மதகைத் திறந்தும் ( ) நீர் வரவில்லை.
3. கடைமடை விவசாயிகள் கேட்பது ஒன்றே ( ) முறை வைத்து நீர் பங்கிட வேண்டும்.
4. நெல் ( ) கரும்பு ஆகிய பயிர்களுக்கு நீர் மிகுதியாகத் தேவை.
5. ஏரிக்கரையில் ( ) அங்கே நடமாட்டம் குறைவு ( ) குப்பை கொட்டப்படுகிறது.

முதலாவதில் இரு பக்கமும் முற்று, அரைப்புள்ளி. இரண்டாவதில் ‘திறந்தும்’ எச்சம். காற்புள்ளி போதும், இவ்வளவு குறுகிய தொடரில் அதுவும் கட்டாயமில்லை. மூன்றாவதில் ‘ஒன்றே’ என்றதும் ‘என்ன?’ என்று கேட்கத் தோன்றுகிறது, முக்காற்புள்ளி. நான்காவதில் காற்புள்ளி, ‘ஆகிய’ இருப்பதால் முக்காற்புள்ளிக்குப் பேச்சே இல்லை. ஐந்தாவதில் இரண்டு கோடுகள் இட்டால் பிழையில்லை. ஆனால் பெரும்பாலோர் கோட்டோடு நின்றுவிடுகிறார்கள். ‘நடமாட்டம் குறைந்த ஏரிக்கரையில் குப்பை கொட்டப்படுகிறது’ என்று எழுதியவருக்கு நான் அரை மதிப்பெண் கூடுதலாகப் போடுவது வழக்கம்.